பள்ளியில் இரண்டே பேர் தேர்ச்சி பெறவில்லை என்றால், அதை எப்படி எழுதுவது?

"மாவட்டச் செய்தி இணையதளம் ஒன்றில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த முறை பிளஸ் 2 ரிசல்ட் அன்று எங்கள் வட்டாரப் பள்ளிகளை நான்தான் பார்க்கப் போகிறேன். ஃபெயில் ஆன பிள்ளைகளுக்கு நம் செய்தியால் அவமானம் வரக்கூடாது, யாரென்றும் தெரியக்கூடாது. பெயர் போடாமல் விட்டால் போதும் என்கிறார் எடிட்டர். போதுமா?"

போதாது. சென்னையில் அண்ணா நகர்ப் பையன் ஒருவனைப் பற்றி எழுதும்போது பெயரை எடுத்துவிட்டால் ஓரளவு மறைந்துபோவான். நீங்கள் எழுதப்போவது வட்டாரப் பள்ளிகளைப் பற்றி. அங்கே ஊர்ப் பெயரும், பள்ளிப் பெயரும், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதும் சேர்ந்தாலே பெயர் வந்துவிடும். நான் 20 வருஷத்துக்கு மேல் தமிழ் நாளிதழ் டெஸ்க்கில் மாவட்டப் பக்கங்கள் பார்த்தவன். இதில் செய்யக்கூடாததையெல்லாம் நானே ஒருமுறையாவது செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் ரிசல்ட் மாலைப் பத்திரிகையில்தான் வரும். பள்ளிவாரியாகப் பதிவெண்கள் பொடி எழுத்தில் நெருக்கி அச்சாகியிருக்கும். தேர்ச்சி பெற்றவர்களின் எண் மட்டும்தான் அதில் இருக்கும். ஃபெயில் ஆனவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பேப்பர் கட்டு டீக்கடையில் வந்து விழுந்த கொஞ்ச நேரத்திலேயே தெருவுக்கே தெரிந்துவிடும். 318 இருக்கிறது, 320 இருக்கிறது, நடுவில் 319 இல்லை. இன்று பதிவெண்ணைப் போடுவதில்லை. ஆனால் அதே கழித்தல் கணக்கை வாசகர் போடும்படியாகத்தான் நம் செய்திகள் இன்னும் இருக்கின்றன.

ஓர் உதாரணத்தை முழுசாகவே பார்ப்போம். இது என் பக்கத்தில் வந்த செய்தி. பள்ளியைச் சொல்லமாட்டேன், எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 48 பேர் பிளஸ் 2 எழுதினார்கள். 46 பேர் தேர்ச்சி. முந்தைய வருஷங்களைவிட நல்ல ரிசல்ட், பள்ளிக்கும் சந்தோஷம். நிருபர் நல்ல மனசோடுதான் எழுதினார். முதல் பத்தியில் 48க்கு 46. இரண்டாம் பத்தியில் "மாணவிகள் அனைவரும் தேர்ச்சி பெற்று அசத்தினர்." மூன்றாவதில் "அறிவியல் பிரிவில் 100 சதவீதத் தேர்ச்சி." கடைசியில் ஒரு படம். பள்ளி வாசலில் வணிகவியல் பிரிவுப் பையன்கள் ஐந்து பேர், வகுப்பாசிரியருக்கு இனிப்பு ஊட்டுகிறார்கள்.

ஒரு வரியிலும் 'தோல்வி' என்ற சொல் இல்லை. இப்போது கழித்துப் பாருங்கள். மாணவிகள் எல்லோரும் பாஸ் என்றால் அந்த இரண்டு பேரும் பையன்கள். அறிவியல் பிரிவு முழுக்கப் பாஸ் என்றால் அவர்கள் வணிகவியல் பிரிவு. அந்தப் பிரிவில் மொத்தமே ஏழு பையன்கள்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேர் படத்தில் சிரிக்கிறார்கள். மிச்சம் யார் என்பதற்குப் பள்ளிக்கூடமே போயிருக்க வேண்டாம், பஸ் ஸ்டாப்பில் நின்று பேப்பர் படிப்பவருக்கே போதும். நான்கு நல்ல செய்திகள் சேர்ந்து இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிவிட்டன. இரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியை போன் செய்தார். சண்டை போடவில்லை. "சார், நீங்க தப்பா ஒண்ணும் எழுதல. ஆனா அதுல ஒரு பையன் வீட்டை விட்டே வெளிய வரமாட்டேங்கறான். துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட ஆளனுப்பினாலும் வரல" என்றார். அப்புறம்தான் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. செய்தியை எழுதி முடித்ததும், அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனாக என்னை நினைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டது என்ன என்று கழித்துப் பார்ப்பேன். மிச்சம் பத்துப் பேருக்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு தகவலை எடுத்துவிட வேண்டும். பத்து என்பது சட்டம் அல்ல. புள்ளிவிவரம் வெளியிடும் அமைப்புகள், அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ குறைவாக இருந்தால் அந்த எண்ணையே மறைத்துவிடுவது வழக்கம். அதைத்தான் நான் கடன் வாங்கியிருக்கிறேன். அப்படி மறைக்கும்போது பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைப்பார்கள், இல்லாவிட்டால் மொத்தத்திலிருந்து கழித்து எடுத்துவிடலாம். மேலே சொன்ன செய்தியில் 'மாணவிகள் அனைவரும்' என்பது அந்தப் பக்கத்துக் கட்டம்தான்.

சதவீதமாகப் போட்டால் மறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறையாது. 48 பேர் எழுதிய பள்ளியில் 95.83 சதவீதம் என்றால் அது 46 பேர், வேறு விடையே கிடையாது. 97.92 என்றால் 47. எத்தனை பேர் எழுதினார்கள் என்பது ஹால் டிக்கெட் வந்த நாளிலிருந்தே ஊருக்குத் தெரிந்த விஷயம். சின்னப் பள்ளிக்குச் சதவீதம் என்பது முகத்துக்குக் கண்ணாடித் திரை போட்டது மாதிரிதான்.

அப்படியானால் பள்ளி ரிசல்ட்டை எழுதவே கூடாதா என்று எடிட்டர் கேட்பார். எழுதலாம். வட்டத்தைப் பெரிதாக்கி எழுதுங்கள். 2025 பிளஸ் 2 தேர்வை மாநிலம் முழுக்க 7,92,494 பேர் எழுதினார்கள், 7,53,142 பேர் தேர்ச்சி, 95.03 சதவீதம். கழித்தால் 39,352 பேர். அந்த எண்ணுக்குள் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, தாராளமாகத் தலைப்பிலேயே போடலாம். மாவட்டத்துக்கும் அப்படித்தான். கல்வி மாவட்டம், ஒன்றியம் வரைகூடப் பெரும்பாலும் சிக்கல் வராது. பள்ளி என்று இறங்கும்போதுதான் நிற்க வேண்டும். ஒரு பள்ளியின் முன்னேற்றத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் மூன்று வருஷத்தைச் சேர்த்து, "கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கே பிளஸ் 2 எழுதிய 148 பேரில் 131 பேர் தேர்ச்சி" என்று எழுதலாம். எந்த வருஷத்தில் எத்தனை என்பது பிரியாது. இல்லையென்றால் "இந்த ஆண்டு தேர்வெழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தேர்ச்சி பெற்றனர்" என்பதோடு நிறுத்திவிட்டு, அந்தப் பள்ளி எதைச் செய்து முன்னேறியது என்பதற்கு மிச்ச இடத்தைக் கொடுங்கள். மாலை வகுப்பு எடுத்த ஆசிரியர், அதற்குப் பிறகு பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஏற்பாடு செய்த பெற்றோர் ஆசிரியர் கழகம், இதெல்லாம் 46/48 என்பதைவிட வாசிக்க நன்றாகவே இருக்கும்.

100 சதவீதப் பள்ளிகளின் பட்டியலும் கல்வி அலுவலகத்திலிருந்து கையில் கிடைக்கும். அதில் வந்தவர்களைப் பற்றி எழுதுவதில் தவறில்லை. "மயிரிழையில் 100 சதவீதத்தைத் தவறவிட்ட பள்ளிகள்" என்று அடுத்த பட்டியலை மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இந்த யோசனையோடு டெஸ்க்குக்கு வருவார். அந்தப் பட்டியலில் வரும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஒரு பிள்ளை இருக்கிறது. பள்ளியின் பெயரைக் கெடுத்தவர் என்று அந்தப் பிள்ளையைக் கைகாட்டுகிற வேலையை நாம் செய்துகொடுக்கிறோம்.

இதற்கு நேர்மாறான நிலைமை ஒன்றும் உண்டு, அங்கேதான் எனக்கும் தடுமாற்றம். ஒரு பள்ளியில் பாதிப்பேருக்கு மேல் தேர்ச்சி பெறவில்லை என்றால் அது பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. மறைத்தால் நாம் அந்தப் பிள்ளைகளுக்கே துரோகம் செய்கிறோம். 90 பேரில் 50 பேர் என்றால் யாரென்று தனியாகத் தெரியப்போவதில்லை, ஆகவே எண்ணைப் போடலாம். ஆனால் செய்தியின் எழுவாய் யார் என்று பாருங்கள். "50 மாணவர்கள் கணிதத்தில் தோல்வி" என்று எழுதினால் குற்றம் பிள்ளைகள் தலையில். "கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, மாற்று ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வந்தார்" என்று விசாரித்து எழுதினால் அது நிர்வாகத்தைப் பற்றிய செய்தி. ரிசல்ட் வந்த அன்று மாலையே அதற்கு விடை கிடைக்காது. இரண்டு நாள் பொறுத்து எழுதுங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

தடுமாற்றம் எதில் என்றால், ஆறு பேர் மட்டும் எழுதி ஆறு பேருமே தேர்ச்சி பெறாத பள்ளி. அங்கே கழிக்கவே வேண்டாம், "ஒருவர்கூடத் தேர்ச்சி இல்லை" என்ற ஒரு வரி ஆறு பேரையும் காட்டிக்கொடுத்துவிடும். மலைப்பகுதியில் அப்படி ஒரு பள்ளி பற்றி எழுத வேண்டிவந்தபோது பள்ளிப் பெயரை விட்டுவிட்டு ஒன்றியத்தின் பெயரோடு, ஆசிரியர் இல்லாததைப் பற்றி மட்டும் எழுதினோம். பள்ளிப் பெயர் இருந்திருந்தால் அதிகாரிகள் சீக்கிரம் அசைந்திருப்பார்கள் என்று எங்கள் நிருபரே வாதாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பள்ளிப் பெயரை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துப் பதில் வாங்கிப் போடலாம், வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது நான் எடுத்த முடிவு. இன்னொரு பத்திரிகை ஆசிரியர் வேறு மாதிரி முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒன்றிரண்டு இருக்கிறது. 'கோட்டை விட்டனர்', 'மண்ணைக் கவ்விய பள்ளி', 'கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட' என்பதெல்லாம் கபடிப் போட்டிக்கு எழுதுவது. அதற்கு எதிராகப் போய் 'வெற்றி வாய்ப்பை இழந்தவர்கள்' என்று எழுதுகிறவர்களும் உண்டு, படித்தால் டெபாசிட் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றும். "தேர்ச்சி பெறவில்லை" என்பது போதும். 'தோல்வியாளர்கள்', 'ஃபெயிலான மாணவர்' என்று ஆளோடு ஒட்டாமல், "ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாதவர்கள்", "துணைத்தேர்வு எழுத இருப்பவர்கள்" என்று நடந்ததோடோ நடக்கப்போவதோடோ ஒட்டினால் சரியாக இருக்கும். நிறையப் பேருக்கு ஒரே ஒரு பாடத்தில்தான் 35 எடுக்க முடியாமல் போயிருக்கும். ஊரில் அதற்கும் 'ஃபெயில்' என்ற ஒரே சொல்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் செய்தியிலிருந்து வேண்டியது அனுதாபம் அல்ல, தகவல். துணைத்தேர்வு ஜூன் கடைசி வாக்கில் தொடங்குகிறது. பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் ரிசல்ட் வந்து சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடும். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் பிளஸ் 2வில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். இந்த வரிசை பெற்றோர் பலருக்குத் தெரியாது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் செய்திக்குறிப்பில் அந்த வருஷத் தேதிகள் இருக்கும். பழைய செய்தியிலிருந்து எடுத்து ஒட்டாமல் அதைப் பார்த்துச் செய்தியின் இரண்டாவது பத்தியிலேயே போடுங்கள். கடைசியில் பெட்டியாகப் போட்டால் மொபைலில் அதுவரை யாரும் இறங்கி வருவதில்லை.

படம்தான் இன்று பெயரைவிடப் பெரிய ஆபத்து. ரிசல்ட் அன்று காலை பள்ளி வளாகத்தில் நின்றால் செல்போனைப் பார்த்து அழும் பிள்ளை கண்டிப்பாகக் கிடைக்கும். அந்தப் படத்தை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் யாராவது பயன்படுத்திவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை அப்படி எடுத்த படம், சந்தோஷத்தில் அழுத பெண்ணின் படம், கோப்பில் கிடந்து மூன்று வருஷம் கழித்து வேறெங்கோ நடந்த துயரச் செய்திக்கு 'கோப்புப் படம்' என்று போய் உட்கார்ந்தது. அந்தப் பெண் அப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். அவளுடைய அப்பா ஆபீஸுக்கே வந்துவிட்டார். முகம் மறைப்பதும் அரைகுறை வேலைதான். சீருடை, பள்ளிப் பேட்ஜ், பின்னால் தெரியும் பெயர்ப்பலகை, பக்கத்தில் நிற்கும் தோழி, எதையாவது வைத்துக் கண்டுபிடிப்பார்கள். கைகள், செல்போன் திரையின் பின்பக்கம், காலி வகுப்பறை, அறிவிப்புப் பலகை முன் நிற்கும் ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டால் வருஷா வருஷம் பயன்படும்.

அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையின் ரிசல்ட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடும் வழக்கமும் வந்திருக்கிறது. tnresults.nic.in போன்ற தளங்களில் ரிசல்ட் பார்க்கத் தேவைப்படுவது பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான். ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பிள்ளையின் எண் வெளியே வந்தால், ஒரே பள்ளியில் எண்கள் தொடர்ச்சியாக வருவதால் மற்றவர்களின் எண்ணை ஊகிக்கலாம். வகுப்புத் தோழனின் பிறந்த தேதி யாருக்குத் தெரியாது? முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையைக் கொண்டாடப்போய், வகுப்பு முழுவதையும் திறந்துவிட்ட கதையாகிவிடும். மதிப்பெண்ணை எழுத்தில் சொன்னால் போதும். அந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். "அப்பா குடித்துவிட்டு அடித்தபோதும் படித்துச் சாதித்தார்" என்கிற வகைத் தலைப்புகளை எத்தனையோ பார்த்துவிட்டோம். சாதித்த பிள்ளைக்கும் காலேஜ் ஹாஸ்டலில் அந்தத் தலைப்பு கூடவே வரும். 2017ல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. அதற்கு முன்பெல்லாம் காலை ஒன்பதரைக்கு நாங்கள் இனிப்புப் பெட்டியோடு கார் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். இப்போது பள்ளிகள் ஃபிளக்ஸ் போர்டில் தாங்களே ரேங்க் போட்டுக்கொள்கின்றன, அதை நாம் செய்தியாக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தேர்ச்சி பெறாத பிள்ளையே பேசத் தயார் என்று வந்தால்? அன்று வேண்டாம். 17 வயசுப் பிள்ளை ரிசல்ட் வந்த அன்று கொடுக்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை, அம்மா கூட இருந்து தலையாட்டினாலும். அச்சில் வந்தது மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். உங்கள் இணையதளத்தில் வருவது, ஐந்து வருஷம் கழித்து வேலைக்கு எடுப்பவர் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்கும். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டுவிட்டு, "மீன் வியாபாரியின் மூன்றாவது மகள், அக்கா அதே பள்ளியில் முதல் மாணவி" என்று எழுதினால் மாற்றிய பெயருக்கு அர்த்தமே இல்லை. அந்த அனுபவம் செய்திக்கு வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருஷம் முன்பு துணைத்தேர்வு எழுதித் தேறி, இப்போது டிப்ளமோவோ டிகிரியோ படிக்கும் 19, 20 வயதுக்காரரைத் தேடுங்கள். அவர் நிதானமாகப் பேசுவார், தன் பெயரைப் போடலாமா என்பதையும் யோசித்துச் சொல்வார். தலைமை ஆசிரியரிடம் கேட்டால் நாலு பேரையாவது காட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை இருக்கிறது, அதனால் உறுதியானதை மட்டும் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, விசாரணை, புலனாய்வு, நீதிமன்ற நடவடிக்கை தொடர்பான செய்திகளில் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'பள்ளி' என்பதும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை என்பதாலேயே ஒரு பிள்ளை இந்தப் பிரிவுக்குள் வந்துவிடாது. ஆகவே "சட்டப்படி ஃபெயில் ஆனவர் பெயரைப் போடக்கூடாது" என்று எடிட்டரிடம் வாதாடினால் அவர் வக்கீலைக் கேட்டு உங்களை மடக்கிவிடுவார். போடாமல் இருப்பதற்குச் சட்டம் காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை.

இந்தப் பிரிவு நிஜமாகவே குறுக்கே வருவது ரிசல்ட் அன்று வீட்டை விட்டுப் போய்விடும் பிள்ளைகள் விஷயத்தில். போலீஸ் தேடும்போது படத்தோடு செய்தி வருவது பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவும், போலீஸே கேட்டுக்கொண்டால் போடலாம். எதனால் போனார் என்பதைச் சேர்க்க வேண்டாம், உயரமும் சட்டை நிறமும் போதும். பிள்ளை கிடைத்தவுடனே படத்தை இணையதளத்திலிருந்தும், முகநூல் பக்கத்திலிருந்தும், வாட்ஸ்அப் கார்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். செய்தியின் இணைய முகவரியிலேயே பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் நின்றுபோயிருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "வீடு திரும்பினார்" என்று முகத்தோடு இன்னொரு செய்தி போடுவது நமக்கு நிறைவாக இருக்கும், பிள்ளைக்கு அது தேவையில்லை.

உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தால் மூத்தவர் ஒருவரைக் கேட்காமல் எதையும் வெளியிடாதீர்கள். இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி இதற்கென்றே நெறிமுறை தந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிதாக வேண்டாம், தலைப்பில் அந்தச் சொல் வேண்டாம், எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம், கடிதமும் படமும் வேண்டாம், ஒரே ஒரு காரணத்தில் முடித்துவைக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். கடைசியில் சொன்னதைத்தான் நம் தலைப்புகள் தினமும் மீறுகின்றன. தேர்வு முடிவையும் மரணத்தையும் ஒரே வரியில் கோத்துவிட்டால், அதே மதிப்பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளை அதை ஒரு வழியாகப் படித்துவிடும் அபாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட செய்தி இல்லாத நாளிலும் ரிசல்ட் செய்தியில் 104 என்ற தமிழக அரசின் உதவி எண்ணையும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் போடுங்கள். அடிக்குறிப்பாகப் போடாமல், துணைத்தேர்வுத் தகவலுக்குப் பக்கத்திலேயே, "பேச வேண்டும் போலிருந்தால்" என்ற சொல்லோடு.

உங்கள் எடிட்டருக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டுமென்றால், அந்த 48 பேர் பள்ளிச் செய்தியை இன்று நான் இப்படித்தான் எழுதுவேன்: "இந்தப் பள்ளியில் இந்த ஆண்டு பிளஸ் 2 எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தேர்ச்சி பெற்றுள்ளனர். துணைத்தேர்வு எழுத விரும்புவோர் பள்ளி அலுவலகத்தில் இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம். நேரில் வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று தலைமை ஆசிரியை தெரிவித்தார்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத் தலைமை ஆசிரியைக்கு முதல் நாளே போன் செய்து, அவர் சம்மதிப்பாரா என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். நான் போன் செய்யாத அந்த வருஷம், அந்த அம்மாவே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டான்.